பிங் காட்டாத பாதை

கிளை அலுவலகத்துக்கான ஈதர்நெட் இணைப்பு அறுந்ததும் பலர் முதலில் கேட்பது, “பிங் போகிறதா? டிரேஸ்ரூட் எங்கே நிற்கிறது?” இந்த இரண்டும் போதும் என்ற நம்பிக்கை தவறானது. சேவை நிறுவனத்தின் வலையமைப்புக்குள் பத்து சுவிட்சுகள் இருந்தாலும் டிரேஸ்ரூட்டுக்கு அவை தெரியாது. ரூட்டர்கள் மட்டுமே அதன் கண்ணில் படும். இடையில் உள்ளதெல்லாம் அதற்கு ஒரே தாவல்தான்.

இந்தக் குறையைத் தீர்க்கவே ஐ.இ.இ.இ. 2007-இல் 802.1ஏஜி தரத்தை வெளியிட்டது. சேவையின் இரு முனைகளிலும் ‘மெப்’ என்னும் சோதனைப் புள்ளிகளும், இடையிலுள்ள சுவிட்சுகளில் ‘மிப்’ என்னும் புள்ளிகளும் அமையும். லூப்பேக் என்பது ஒரு புள்ளியின் மேக் முகவரிக்குச் செய்தி அனுப்பிப் பதில் பெறுவது. லிங்க்டிரேஸ் மறுமுனையைக் குறிவைத்துப் புறப்படும். வழியிலுள்ள ஒவ்வொரு மிப்பும் தன் பதிலைத் திருப்பி அனுப்பும்.

ஒரு பாதையை எடுத்துக்கொள்வோம். முதல் நிறுவனத்தின் சுவிட்சுகள் இரண்டு, அடுத்த நிறுவனத்தின் சுவிட்சுகள் இரண்டு, அப்பால் கிளை. நான்கிலும் மிப் உண்டு. இணைப்பு நலமாக இருந்தபோது லிங்க்டிரேஸ் 64 என்ற டிடிஎல் மதிப்புடன் புறப்பட்டு, 63, 62, 61, 60 என மிப்களிடமிருந்தும், 59 என மறுமுனையிடமிருந்தும் பதில் பெற்றது. பதில் தந்த புள்ளிகளின் மேக் முகவரிகள் குறித்து வைக்கப்பட்டன. பிறகு ஒரு நாள், மூன்றாவது சுவிட்சின் உள்வரும் போர்ட்டில் யாரோ விலானை நீக்கிவிட்டார்கள். எல்லாப் போர்ட்டிலும் பச்சை விளக்கு எரிகிறது. பிங் மட்டும் போகவில்லை.

புகார் அரை மணி நேரம் கழித்து வருகிறது. இப்போது லிங்க்டிரேஸ் செய்தால் முதல் மிப்பிலிருந்துகூடப் பதில் வராமல் போகலாம். பழுது அங்கே இருப்பதால் அல்ல. லிங்க்டிரேஸ், இலக்கின் முகவரியைச் சுவிட்சுகள் நினைவில் வைத்திருப்பதை நம்பியே நகர்கிறது. மறுமுனையிலிருந்து எதுவும் வராதபோது அந்த நினைவு வழக்கமாக 300 விநாடியில் அழியும். மிப்கள் மறுமுனையின் தொடர்சோதனைச் செய்திகளைத் தனியே பதிந்து வைத்திருந்தால் தப்பலாம். அந்த வசதி எல்லாக் கருவிகளிலும் இல்லை. இதை அறியாதவர் குற்றமற்ற முதல் சுவிட்சைக் குற்றவாளியாக்குவார்.

இங்கே லூப்பேக் கைகொடுக்கும். குறித்து வைத்த முகவரிகளை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். முகவரி மறந்துபோயிருந்தாலும் சுவிட்ச் அந்தச் செய்தியை, அது வந்த போர்ட்டைத் தவிர, விலானின் மற்ற எல்லாப் போர்ட்டிலும் பரப்பும். முதல் மிப், இரண்டாவது மிப் பதில் தருகின்றன, மூன்றாவது தரவில்லை. எனவே பழுது இரு நிறுவனங்களும் கைகோக்கும் இடத்தில்.

இதற்கெல்லாம் வாடிக்கையாளர் மட்டத்தில் மிப்களைத் திறந்து வைக்கச் சேவை நிறுவனம் சம்மதிக்க வேண்டும். ஒப்பந்தத்திலேயே அதைக் கேளுங்கள். இணைப்பு ஒப்படைக்கப்படும் நாளில் லிங்க்டிரேஸ் முடிவையும் மேக் முகவரிகளையும் எழுதி வாங்குங்கள். அந்தப் பட்டியல் இல்லாதவரிடம், பழுது வந்த பிறகு எந்த முகவரியைச் சோதிப்பது என்ற கேள்விக்கே விடை இருக்காது.