லாபம் வைக்காத யாத்திரை

“லாபமே வைக்கல சார், சேவையாத்தான் பண்றோம்.” நவக்கிரக யாத்திரைக்கு ஆள் சேர்ப்பவர் இப்படிச் சொன்னால் பலருக்கும் கை தானாகக் கூப்பிக்கொள்ளும். எனக்கு அங்கேதான் சந்தேகமே ஆரம்பிக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சென்னையிலிருந்து வெள்ளி இரவு கிளம்பி, கும்பகோணத்தில் ஒரு ராத்திரி தங்கி, ஒன்பது கோயிலும் பார்த்து, ஞாயிறு இரவு திரும்புகிற 40 சீட் பஸ். வாடகை, டிரைவர் பேட்டா, டோல், திருநள்ளாறு காரைக்காலில் இருப்பதால் புதுச்சேரி பெர்மிட், எல்லாம் சேர்த்து 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வழிகாட்டிக்கு 6,000. இந்த 66,000 ரூபாய் ஆள் குறைந்தாலும் குறையாது. பஸ்ஸை வாடகைக்கு விடுபவர் காலி சீட்டுக்குத் தள்ளுபடி தரமாட்டார். ஆளுக்கு ஆள் ஆகிற செலவு தனி: இருவருக்கு ஓர் அறை என்றால் தலைக்கு 900, சாப்பாடு 700, ஆக 1,600.

நோட்டீஸ் அடிப்பவர் 66,000-ஐ நாற்பதால் வகுக்கிறார். 1,650 வருகிறது. 1,600-ஐக் கூட்டி, “தலைக்கு 3,250 மட்டுமே” என்று போடுகிறார். லாபம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் கடைசி நேரத்தில் பத்துப் பன்னிரண்டு பேர் கழன்றுகொள்வது சகஜம். 28 பேர்தான் வந்தார்கள் என்றால் வசூல் 91,000, செலவு 1,10,800. கிட்டத்தட்ட 20,000 ரூபாய் துண்டு விழுகிறது.

அதை அவர் வீட்டிலிருந்தா போடுவார்? அறைக்கு மூன்று பேராகும். சாப்பாடு பொட்டலமாகும். சிறப்பு தரிசனம், வழிகாட்டிக்கு அன்பளிப்பு என்று பஸ்ஸுக்குள் தட்டு சுற்றும். கடைசியில், “மத்தியானம் நடை சாத்திட்டாங்க” என்று கீழப்பெரும்பள்ளம் விட்டுப்போகும். மதியம் நடை சாத்துவது கிளம்பும்போதே எல்லாருக்கும் தெரிந்த விஷயம்தானே? நாலு மணிவரை காத்திருந்தால் ராத்திரிச் சாப்பாடும் அவர் தலையில் விழும், அவ்வளவுதான்.

நேர்மையான கணக்கு வேறு மாதிரி இருக்கும். முப்பதால் வகுங்கள்: 2,200. அதோடு 1,600, நடத்துபவர் பங்கு 400. தலைக்கு 4,200. இந்த விலையில் 26 பேர் வந்தாலே கை கடிக்காது. “4,200 சொன்னா எவன் வருவான்?” என்பார்கள். நாற்பது பேரும் வந்துவிட்டால், அவருடைய 400 போக தலைக்கு 550 ரூபாய் மிஞ்சும். அதைத் திருப்பித் தருவோம் என்று நோட்டீஸிலேயே எழுதட்டுமே!

அலைந்து அறை பிடித்து, பெரியவர்களைக் கைபிடித்து இறக்கிவிடுகிறவருக்குக் கூலி வேண்டாமா? வேண்டும். அதை வெளிப்படையாக வாங்கட்டும். ஒளித்து வைத்த கூலிதான் தட்டாக மாறி நம்மிடம் வருகிறது.

அடுத்த முறை அம்மாவுக்கோ பாட்டிக்கோ பணம் கட்டும் முன் இரண்டே கேள்வி கேளுங்கள். எத்தனை பேரால் வகுத்தீங்க? உங்க பங்கு எவ்வளவு? இரண்டாவது கேள்விக்கு “ஒண்ணுமில்ல” என்று பதில் வந்தால், பணத்தை எடுத்துப் பைக்குள் வையுங்கள்.