சுவரொட்டியில் இடமில்லாத தபலா

இந்துஸ்தானி இசைவிழாக்களுக்கும் இப்போது அதே ஆயத்தச் சுவரொட்டி வந்து சேர்கிறது: மேலிருந்து விரியும் ஊதா நிற ஒளிக்கற்றைகள், அடியில் கையுயர்த்தி நிற்கும் கூட்டத்தின் நிழலுருவம், இடையில் நிகழ்ச்சிநிரலுக்கென விடப்பட்ட சிறு வெற்றிடம். ராக் கச்சேரிக்கு இப்படம் பொய்யன்று. அங்கே மேடையில் பரப்பப்படும் மென்புகைதான் ஒளியைச் சிதறடித்துக் கற்றையாகக் காட்டுகிறது. மக்களும் நின்றே கேட்கின்றனர். விரிப்பில் அமர்ந்து, கண்மூடித் தலையசைக்கும் ரசிகர்களின் அவைக்கு இரண்டுமே அந்நியம்.

படத்தின் பொருத்தமின்மையையாவது மன்னிக்கலாம். வெற்றிடத்தின் அளவுதான் உண்மையான சிக்கல். மூன்று நாள் விழா, நாளொன்றுக்கு நான்கு வாய்ப்பாட்டுக் கச்சேரிகள் என்று கொள்வோம். பாடகர் பன்னிருவர், ஒவ்வொருவருக்கும் தபலா, ஹார்மோனியம் என இருவர் வீதம் பக்கவாத்தியக் கலைஞர் இருபத்து நால்வர். ஆக, முப்பத்தாறு பெயர்கள். ஆறேழு வரிகளே கொள்ளும் வெற்றிடத்தில் இவை அடங்கா. முதலில் நீக்கப்படுவோர் அந்த இருபத்து நால்வரே. அடுத்து மேடையேறும் வரிசையும் நேரமும் போகின்றன. பாடகர்களின் பெயர்களும் ‘மாலை முதல்’ என்ற சொல்லும் மட்டும் எஞ்சுகின்றன. ராகத்துக்கு நேரம் பார்க்கும் மரபின் விழாவுக்கு நேரம் சொல்லாத சுவரொட்டி!

புனேயில் பீம்சேன் ஜோஷி தம் குருவின் நினைவாக 1953இல் தொடங்கிய சவாய் கந்தர்வ விழா ஒருகாலத்தில் விடியவிடிய நடந்தது. இரவு பத்து மணிக்குமேல் ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு வந்தபின் அத்தகைய விழாக்கள் பகலுக்கு நகர வேண்டியதாயிற்று. எந்த ராகத்துக்கு வாய்ப்புண்டு என்பதை ரசிகர் ஊகிப்பது, இன்னார் இத்தனை மணிக்கு என்ற அந்த ஒற்றை வரியைக் கொண்டுதான்.

எழுத்தைச் சிறிதாக்கி எல்லாவற்றையும் அடைத்துவிடலாம் என்பாருமுண்டு. ஏ3 தாளின் அகலம் 297 மில்லிமீட்டர். அது ஏறத்தாழ 70 மில்லிமீட்டர் அகலமுள்ள கைப்பேசித் திரையில் ஒடுங்கும்போது 12 புள்ளி எழுத்து மூன்று புள்ளிக்கும் கீழே இறங்கிவிடும். வாட்ஸ்அப்பில் கைமாறிச் சுருங்கிய படத்தை விரலால் பெரிதாக்கினால் எழுத்தின் விளிம்பு கலங்கித் தெரியும். அதன்மேல் ஒளிக்கற்றை வேறு குறுக்கிடுகிறது: கருமையில் தெளிவாக நின்ற வெள்ளை எழுத்து, கற்றை கடக்கும் இடத்தில் பாதி கரைந்துபோகிறது.

வரைகலைஞரிடம் முதலில் சேர வேண்டியது நிரலே. முப்பத்தாறு பெயர்களையும் நேரங்களையும் படிக்கத்தக்க அளவில் ஒரே நிறப் பின்னணியில் அடுக்கிய பிறகு மிஞ்சும் இடம் தாளின் மேற்பகுதியில் கால்வாசியாக இருந்தால், ஒளிக்கற்றைகள் அந்தக் கால்வாசிக்குள் விரியட்டும். மிஞ்சாவிடில் கையுயர்த்திய கூட்டத்தை அனுப்பிவிடலாம். தபலாக் கலைஞர் இருக்கட்டும்.