மூக்கின்மேல் வைத்த விரல் எங்கே போயிற்று? சைகைமொழித் தரவும் முகமாற்று நுட்பமும்

பேச்சுமொழித் தரவைப் பொதுவில் வைக்க விரும்பும் ஆய்வாளருக்குப் பேசியவரின் அடையாளத்தை மறைக்கப் பல வழிகள் உள்ளன. பெயர்களை மாற்றலாம்; குரலைத் திரிக்கலாம்; ஒலிப்பதிவைத் தம்மிடமே வைத்துக்கொண்டு எழுத்துவடிவத்தை மட்டும் வெளியிடலாம். சைகைமொழி ஆய்வாளருக்கு இவ்வழிகள் பெரும்பாலும் அடைபட்டுள்ளன. சைகைமொழிகளுக்கு அன்றாடப் புழக்கத்தில் உள்ள எழுத்துமுறை இல்லை, காணொளியே தரவு. அக்காணொளியில் முகத்தை மங்கலாக்கினால் இலக்கணமும் சேர்ந்து மங்கிவிடும். பல சைகைமொழிகளில் ஆம்-இல்லை வினாவை வினாவாக்குவது உயர்ந்த புருவமே. கைகள் அதே சைகைகளைச் செய்ய, புருவம் உயராவிட்டால் அது வெறும் செய்தி வாக்கியமாகிவிடும்.

இந்த நெருக்கடியில்தான் முகமாற்று நுட்பம் ஒரு தீர்வாக முன்வைக்கப்படுகிறது. சைகையாளரின் முகத்தை நீக்கி, அதே புருவ அசைவும் வாயசைவும் கொண்ட வேறொரு முகத்தை அவ்விடத்தில் பொருத்துவதே யோசனை. மோசடிக் காணொளிகளால் கெட்ட பெயர் வாங்கிய நுட்பம் இங்கு ஒருவரின் அந்தரங்கத்தைக் காக்கப் பயன்படுகிறது என்பது வரவேற்கத்தக்கதே. ஆனால் பொதுப் பயன்பாட்டுக்காக உருவான முகமாற்றுக் கருவியை அப்படியே சைகைமொழிக் காணொளியில் இயக்குவது, தரவை அழித்துவிட்டு அழிந்ததே தெரியாதபடி பூசிமெழுகும் செயல். முகத்தின் குறுக்கே வரும் கையை அக்கருவிகள் ‘மறைப்பு’ என்று கருதுகின்றன. சைகைமொழியிலோ அந்தக் கைதான் பேச்சு.

கருவி செய்வதைச் சுருக்கமாகக் காண்போம். முதலில் காணொளியின் ஒவ்வொரு சட்டகத்திலும் முகம் கண்டறியப்படுகிறது. கண், மூக்கு, வாய், தாடை ஓரம் ஆகியவற்றின் புள்ளிகளைக் கொண்டு அம்முகம் நேராக்கப்பட்டு, ஒரு சிறு சதுரமாக வெட்டியெடுக்கப்படுகிறது. அச்சதுரத்தைப் பார்த்து, அதே பாவனையில் புதிய முகத்தை வலையமைப்பு வரைகிறது. கடைசியாக, எந்தப் பிக்சலில் புதிய முகம் தோன்ற வேண்டும், எதில் மூலப்படம் நீடிக்க வேண்டும் என்பதை ‘மாஸ்க்’ எனப்படும் வரைபடம் தீர்மானிக்கிறது. கண்ணாடி, முடி, கை ஆகிய மூன்றின் தலைவிதியும் இந்த மாஸ்க்கில்தான் எழுதப்படுகிறது. ஆயினும் மூன்றும் ஒரே வகைச் சிக்கல் அல்ல.

கண்ணாடியின் சட்டம் ஒளிபுகாதது; வில்லை ஒளிபுகுவது. சட்டத்தை அப்படியே விட்டு, வில்லைக்குப் பின்னுள்ள கண்ணை மட்டும் மாற்ற வேண்டும். வில்லையில் விழும் ஒளித்தெறிப்பு காணாமல் போனால் பார்ப்பவர் கண்ணுக்கு அது உறுத்தும். நெற்றியில் விழும் முடிக்கற்றையின் ஓரமோ ஒரே பிக்சலில் பாதி முடியும் பாதி தோலுமாகக் கலந்திருக்கும். ‘உண்டு, இல்லை’ என்று மட்டும் சொல்லும் மாஸ்க்கால் அதைப் பிரிக்க இயலாது. இவ்விரண்டிலும் தவறு நேர்ந்தால் படம் அசிங்கமாகும்; வாக்கியம் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளும். கை அப்படியன்று. அது முகத்தின் அதே தோல்நிறம் கொண்டது. அதைப் பிரித்தறியப் பல கருவிகள் கற்பிக்கப்படவும் இல்லை.

இந்தக் கடைசிக் கூற்றுக்குத் தெளிவான காரணம் உண்டு. முகப் பகுதிகளைப் பிரித்தறியும் வலையமைப்புகளைப் பயிற்றுவிக்கப் பரவலாகப் பயன்படும் செலப்ஏமாஸ்க்-எச்க்யூ தொகுப்பில் 30,000 முகப்படங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 19 வகைகளாகப் பகுதிகள் குறிக்கப்பட்டுள்ளன. தோல், மூக்கு, புருவம், உதடு ஆகியவற்றோடு முடி, கண்ணாடி, தொப்பி, காதணி, கழுத்தணி வரை அப்பட்டியலில் இடமுண்டு. கைக்கு இடமில்லை. பிரபலங்கள் கேமராவைப் பார்த்து நிற்கும் படங்களில் முகத்தின்மேல் கை அரிதாகவே வரும் என்பதால் அது பெரிய குறையாகத் தோன்றியிராது. ஆனால் அப்படங்களை மட்டும் கொண்டு கற்ற வலையமைப்பு, மூக்கின்மேல் ஒரு விரலைக் காணும்போது தன்னிடம் உள்ள பெயர்களில் பொருத்தமான ஒன்றைச் சூட்டியாக வேண்டும். பல நேரம் அது சூட்டும் பெயர் ‘தோல்’. தோல் என்றால் முகம். முகம் என்றால் மாற்றப்பட வேண்டியது. விரல் இருந்த இடத்தில் விரலில்லாத ஒரு மூக்கு, குறையேதுமின்றி வரையப்பட்டுவிடுகிறது.

இதனால் மொழியியல் தரவுக்கு நேர்வதை ஓர் எடுத்துக்காட்டில் காணலாம். கையின் வடிவம், அது அமையும் இடம், அதன் அசைவு ஆகியவை பொருள் வேறுபடுத்தும் கூறுகள் என்று அமெரிக்கச் சைகைமொழியை ஆராய்ந்த வில்லியம் ஸ்டோக்கோ 1960இல் காட்டினார். அம்மொழியில் சுட்டுவிரலை நீட்டி, முகத்தின் குறுக்கே இழுத்தவாறே கொக்கிபோல மடக்கும் சைகை ஒன்று உண்டு. நெற்றியில் செய்தால் ‘கோடை’. மூக்கருகே செய்தால் ‘அழகற்றது’. மோவாயில் செய்தால் ‘உலர்ந்தது’. வடிவமும் அசைவும் ஒன்றே. இடம் மட்டுமே வேறு. தமிழில் பல், பள் என்பவை ஓர் ஒலியால் வேறுபடுவது போன்ற குறுஇணைகள் இவை.

இம்மூன்று சைகைகளும் கொண்ட காணொளியை, 68 முகப்புள்ளிகளை அடிப்படையாகக் கொண்ட எளிய மாஸ்க்குடன் இயக்குவதாகக் கொள்வோம். அப்புள்ளிகள் தாடை ஓரத்தில் தொடங்கிப் புருவத்தோடு முடிகின்றன. நெற்றியில் புள்ளி இல்லை. எனவே ‘கோடை’ மாஸ்க்குக்கு வெளியே நின்று ஏறக்குறைய முழுதாகத் தப்பும். ‘அழகற்றது’ மாஸ்க்கின் நடுவில் விழுவதால் விரல் மறைந்துபோகும். கன்னத்தின் ஓரம்வரை வந்த கை, பின்னர் மறுபக்கம் தோன்றும். ‘உலர்ந்தது’ ஓரத்தில் சிக்கிப் பாதி வெட்டுப்படும். ஆக, இழப்பு தற்செயலாகச் சிதறி நிகழவில்லை. சைகை அமையும் இடத்தைப் பொறுத்து ஒழுங்காக நிகழ்கிறது. இப்படி வெளியிடப்பட்ட தரவகத்தில் எவரேனும் பின்னாளில் சைகைகளின் இடத்தை எண்ணிப் பார்த்தால், அம்மொழி மூக்கைத் தவிர்த்து நெற்றியை விரும்புகிறது என்ற ‘கண்டுபிடிப்பு’ கிடைக்கக்கூடும். அது மொழியின் இயல்பாக இராது. மாஸ்க்கின் வடிவமாகவே இருக்கும்.

தீர்வின் முதற்படி எளியது. முகத்தைத் தேடும் முன் கையைத் தேட வேண்டும். கைக்கெனத் தனி வரைபடம் உருவாக்கி, அதை முக மாஸ்க்கிலிருந்து கழிக்க வேண்டும். முகம் F, கை H, புதிய முகம் N, மூலச் சட்டகம் T எனில், இறுதிச் சட்டகம் R பின்வருமாறு அமையும்:

```
M = F × (1 − H)
R = M × N + (1 − M) × T
```

சூத்திரம் எளிது, H-ஐச் சரியாகப் பெறுவதுதான் கடினம். நொடிக்கு 25 சட்டகம் கொண்ட காணொளியில் ஒரு சட்டகத்துக்கு 40 மில்லிநொடியே இடைவெளி. விரைந்து செல்லும் விரல் அதில் தெளிவான விரலாகப் பதிவதில்லை. பின்னுள்ள முகம் ஊடுருவித் தெரியும் மங்கிய கீற்றாகவே பதிகிறது. அங்கே H என்பது 0-வும் அன்று, 1-உம் அன்று. இதற்கு அஞ்சிக் கையின் எல்லையைச் சில பிக்சல்கள் விரித்து வைப்பது வழக்கம். உடனே எதிர்த்திசையில் வேறொரு தவறு பிறக்கிறது. விரிந்த எல்லைக்குள், விரல்களின் இடுக்கில், சைகையாளரின் உண்மையான கண்ணும் கன்னமும் மூலப்படத்திலிருந்தே வெளிப்படும். ஒரு சட்டகத்தில் தெரிவது சிறு கீற்றுதான். ஆனால் கை முகமெங்கும் நகரும்போது ஒவ்வொரு சட்டகத்திலும் வெவ்வேறு கீற்று தெரியும். பொறுமையுள்ள ஒருவர் அவற்றை ஒட்டி, மறைக்கப்பட்ட முகத்தின் பெரும்பகுதியை மீட்க இயலும்.

ஆகவே இங்கு இரண்டு பிழைகள் எதிரெதிராக நிற்கின்றன. கை தொலைந்தால் மொழி போகும். முகம் கசிந்தால் வாக்குறுதி போகும். இவ்விரண்டையும் ‘படத்தின் தரம்’ என்ற ஒற்றை மதிப்பெண்ணில் கலந்து தருவதே இத்துறையின் பெரும் பிழை. விரலில்லாத அழகிய மூக்கு, தர மதிப்பீட்டில் குறைபாடாகத் தோன்றாது. சைகைமொழித் தரவை இவ்வழியில் வெளியிடும் எவரும் இரண்டு எண்களைத் தனித்தனியே தர வேண்டும்: கை முகத்தின்மேல் இருந்த சட்டகங்களில் எத்தனையில் கை சிதைந்தது, எத்தனையில் மூலமுகம் கசிந்தது.

முதல் எண்ணைப் பெற ஒரு நல்ல சோதனை உண்டு. ஃபேஸ்ஷிஃப்டர் என்னும் முகமாற்று முறையை உருவாக்கியோர் மறைப்புகளைக் கண்டறியக் கையாண்ட உத்தி அது. ஒருவரின் முகத்துக்குப் பதிலாக அவருடைய முகத்தையே கருவியிடம் கொடுப்பது. கருவி பிழையின்றி இயங்கினால் வெளியீடு மூலப்படத்தைப் போலவே இருக்க வேண்டும். வேறுபாடு பெரிதாகத் தெரியும் இடங்களில்தான் கருவி விரலையோ கண்ணாடியையோ முடியையோ விழுங்கியிருக்கிறது. அம்முறையில் இந்த வேறுபாடு படத்தைத் திருத்தும் வலையமைப்புக்கு உள்ளீடாகிறது. ஆய்வாளர் அதையே தணிக்கையாகப் பயன்படுத்தலாம். முழுத் தரவகத்தையும் மாற்றும் முன், முகத்தைத் தொடும் சைகைகள் நிறைந்த சில நிமிடக் காணொளியை இப்படி இயக்கி, சட்டகம் சட்டகமாகப் பார்த்தாலே கருவியின் யோக்கியதை தெரிந்துவிடும்.

மாஸ்க் எவ்வளவு திருந்தினாலும் தீராத குறை ஒன்று எஞ்சும். கை வாயை மறைத்திருக்கும் கணத்தில் வாயசைவு என்னவென்று கருவிக்குத் தெரியாது; எனினும் அது ஒரு முழு முகத்தை வரைந்தே தீரும். அவ்வாயின் ஒரு பகுதி கையின் ஓரத்தில் எட்டிப்பார்க்கும். அது தரவு அன்று, ஊகம். புருவத்துக்கும் இதுவே பொருந்தும். கை கடந்து சென்ற கணத்தில் வினா செய்தியாகலாம், செய்தி வினாவாகலாம். எனவே குறியீடு இடும் பணி எப்போதும் மூலக் காணொளியிலேயே நடக்க வேண்டும். மாற்றப்பட்ட காணொளி வெளியீட்டுக்கு மட்டுமே. எந்தச் சட்டகங்களில் முகம் கையால் மறைந்திருந்தது என்ற பட்டியலும் அதனுடன் செல்ல வேண்டும். வெளியிடும் முன், அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட காதுகேளாதவர் ஒருவர் அதைப் பார்த்து, சொன்னது சொன்னபடி இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும். எந்த மதிப்பெண்ணும் அவருடைய பார்வைக்கு ஈடாகாது.

இந்தியச் சைகைமொழிக்கு இது தொலைவான கவலை அன்று. இந்தியச் சைகைமொழி ஆய்வு மற்றும் பயிற்சி மையம் 2015இல் புதுதில்லியில் அமைந்த பின்னர், 2021இல் அதன் அகராதி 10,000 சொற்களை எட்டியது. அகராதிக்காகச் சைகை செய்தவர்கள் முகம் காட்டச் சம்மதித்தவர்கள். ஆனால் உரையாடல் தரவகம் வேறு. அதில் மனிதர்கள் தம் குடும்பத்தையும் நோயையும் கடனையும் பற்றிப் பேசுவார்கள். 2023ஆம் ஆண்டின் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், சம்மதப் படிவத்தில் ‘உங்கள் முகம் மாற்றப்படும்’ என்ற வரி எளிதாக இடம்பெறும். அவ்வரி தரும் உறுதி எவ்வளவு என்பதையும் அதே படிவம் சொல்ல வேண்டும். சைகைமொழிச் சமூகம் சிறியது. கை வீசும் விதத்திலும் கண்ணாடிச் சட்டத்திலும் ஒருவரை நண்பர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். மாற்றிய முகம் அந்நியரிடமிருந்து காக்கும். அண்டை வீட்டாரிடமிருந்து காக்காது. இதைச் சைகைமொழியிலேயே விளக்கி, மாற்றிய காணொளியில் தம்மைத் தாமே பார்க்கும் வாய்ப்பையும் அளித்த பிறகு பெறுவதே சம்மதம்.