நோயாளியின் பையில் எந்த நூல்?

செஞ்சியிலிருந்து பெரிய சிகிச்சைக்குப் புறப்படுவோர் பெரும்பாலும் முண்டியம்பாக்கத்திற்கோ புதுச்சேரிக்கோ சென்னைக்கோ செல்கின்றனர். மாற்றுத்துணி, போர்வை, பிளாஸ்க், முஸல்லா என்று பை நிரம்பிய பிறகு, வீட்டார் ஒருவர் புத்தகம் ஒன்றையும் எடுத்து வைப்பார். பெரும்பாலும் அது தடித்த அட்டையிட்ட தர்ஜுமாவாகவோ, எழுநூறு பக்க வரலாற்று நூலாகவோ இருக்கும். "சும்மா படுத்திருக்கும் நேரத்தில் ஓதி முடித்துவிடலாம்" என்று அன்போடு சொல்லியும் அனுப்புவார்கள். ஐந்து நாள் கழித்து அந்த நூல் திறக்கப்படாமலேயே வீடு திரும்பும். அதனுடன் ஒரு குற்ற உணர்வும் திரும்பும்: "இவ்வளவு நேரம் இருந்தும் ஒரு ஜுஸ்உ கூட ஓதவில்லையே, என் ஈமான் இவ்வளவுதானா?"

இந்தக் குற்ற உணர்வு தேவையற்றது என்பதே என் கருத்து. மருத்துவமனையில் நேரம் கிடைக்கிறது, தெம்பு கிடைப்பதில்லை. இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணுவதால்தான் தவறான நூல் பைக்குள் போகிறது.

மார்க்கம் இவ்விரண்டையும் பிரித்தே பார்த்திருக்கிறது. அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அறிவிக்கும் நபிமொழி ஒன்று ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. ஓர் அடியான் நோயுற்றாலோ பயணத்தில் இருந்தாலோ, ஊரில் நலமாக இருந்தபோது அவன் வழக்கமாகச் செய்துவந்த நற்செயல்களின் கூலி அவனுக்கு எழுதப்படும் என்பது அதன் கருத்து. நோயும் பயணமும் அங்கே ஒருசேரச் சொல்லப்பட்டிருப்பதைக் கவனியுங்கள். நாள்தோறும் ஒரு ஜுஸ்உ ஓதிவந்தவர் கட்டிலில் நான்கு ஆயத்துகளோடு கண்ணயர்ந்தாலும், இறைவனின் கருணையில் அவருடைய கணக்கு குறைவதில்லை. நோயாளியிடம் கத்ம் எதிர்பார்க்கும் நாம், அல்லாஹ் அளித்த சலுகையைச் சுருக்குகிறோம்.

இனி உடலின் நிலையைப் பார்ப்போம். குடலிறக்கத்திற்கு வயிற்றைத் திறந்து அறுவை சிகிச்சை செய்துகொள்ளும் அறுபது வயதுக்காரர் ஒருவர் ஐந்து நாள் தங்குவதாக வைத்துக்கொள்வோம். முதல் நாளும் இரண்டாம் நாளும் மயக்க மருந்தின் மிச்சமும் வலி மருந்தும் சேர்ந்து கண்ணை மங்கச் செய்யும். ஒரு பத்தியை மூன்று முறை படித்தாலும் மனத்தில் தங்காது. ஒரு கையில் ட்ரிப்ஸ் ஊசி இருக்கும்; அந்தக் கையை மடக்கினால் சொட்டு நின்றுவிடக்கூடும். ஆகவே மற்றொரு கையால் மட்டுமே நூலைப் பிடிக்க வேண்டும். மல்லாந்து படுத்தபடி முகத்திற்கு நேரே ஒரு கிலோ நூலை ஐந்து நிமிடம் தூக்கிப் பிடிக்க நலமாக இருப்பவராலேயே இயலாது. இதற்கிடையே செவிலியர் வருவார், மருத்துவர் வருவார், பக்கத்துக் கட்டிலுக்குப் பத்துப் பேர் வருவார்கள்.

இவற்றை எண்ணிப் பார்த்தால் நூலின் இலக்கணம் தானே கிடைத்துவிடும். அது ஒரு கையில் அடங்க வேண்டும். எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். ஒரு பக்கத்தில் நிறுத்தினாலும் இழப்பு இருக்கக்கூடாது. பசை வைத்து ஒட்டிய தடித்த நூல், கையை எடுத்தவுடன் மூடிக்கொள்ளும். நடுவில் பின் அடித்த மெல்லிய நூல் மார்பின்மீது விரிந்து கிடக்கும். நோயாளிக்கு இது சிறிய வேறுபாடன்று.

அந்தப் பெரியவரின் பையில் நான் மூன்று நூல்களை வைப்பேன். முதலாவது, பள்ளிவாசல்களில் கத்ம் ஓதுவதற்காகத் தனித்தனியாகக் கட்டிய முப்பது ஜுஸ்உகளில் ஒன்று. மதீனா அச்சு முஸ்ஹஃப் முழுவதும் 604 பக்கம். ஒரு ஜுஸ்உ ஏறத்தாழ இருபது பக்கம்தான். அவருக்கு நன்கு மனனமான சூராக்கள் உள்ள ஜுஸ்உவைத் தேர்ந்தெடுத்தால், கண் தடுமாறும் இடத்தில் நாவு கைகொடுக்கும். உளூச் செய்ய இயலாத நோயாளிக்குத் தயம்மும் இருக்கிறது. ஆனால் யாஸீன் கிதாபை மட்டும் அவரைக் கேட்காமல் எடுத்துச் செல்ல வேண்டாம். சகராத் வேளையில் அது ஓதப்படுவதைப் பார்த்து வளர்ந்தவர், தலைமாட்டில் அதைக் கண்டதும், டாக்டர் தன்னிடம் எதையோ மறைக்கிறார் என்று அஞ்சக்கூடும்.

இரண்டாவது, முடிவு தெரிந்த கதை. தெம்பில்லாத மனத்தால் புதிய பாத்திரங்களின் பெயர்களை நினைவில் வைக்க இயலாது. நம் ஊர்க்காரருக்குத் தேசிங்குராஜன் கதையைவிடத் தெரிந்த கதை எது? ஆர்க்காட்டு நவாபின் படையோடு 1714இல் நடந்த போரும், மணக்கோலத்திலிருந்து நண்பனுக்காகப் போர்க்களம் சென்ற மோவுத்துகானின் தோழமையும் செஞ்சியின் பிள்ளைகளுக்கும் தெரியும். இத்தகைய கதைப்பாடல்கள் 'பெரிய எழுத்து' என்ற பெயரோடு மலிவான பதிப்புகளாக அச்சாகிவந்தன. ஒருவர் வாய்விட்டுப் படிக்கப் பலர் கேட்டு மகிழ்ந்த நூல்கள் அவை. உடன் தங்கும் பேரன் இரண்டு பக்கம் படித்துக் காட்டினால் போதும். நடுவே பெரியவர் உறங்கிவிட்டாலும் கதை தவறிப்போகாது.

மூன்றாவது, வைக்கம் முகம்மது பஷீரின் 'பாத்துமாவின் ஆடு'. மனநலச் சிகிச்சைக்குப் பின் வீட்டில் ஓய்வில் இருந்த காலத்தில், 1954இல் பஷீர் எழுதிய குறுநாவல் அது. கூட்டுக் குடும்பத்தின் இரைச்சலும், எழுத்தாளரின் நூல்களையே மென்று தின்னும் ஆடும்தான் கதை. எந்தப் பக்கத்தில் திறந்தாலும் படிக்கலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: வயிற்றில் தையல் இருப்பவருக்குச் சிரிப்பும் வலிக்கும். ஆகவே இதை நான்காம் நாள் கொடுங்கள்.

நீண்ட விமானப் பயணத்திற்கும் இதே அளவுகோல் பொருந்தும். சென்னையிலிருந்து ஜித்தாவுக்கு நேராகச் சென்றாலே ஏறத்தாழ ஆறு மணி நேரம். உம்ராவுக்குச் செல்லும்போது மீக்காத்துக்கு முன் இஹ்ராம் நிய்யத் வைக்க வேண்டும் என்ற கவனம் இருக்கும். எனவே அன்றும் மறுநாளும் செய்ய வேண்டிய அமல்களைக் கூறும் மெல்லிய கையேடு ஒன்றே போதும். வரலாற்று நூலை வீட்டிலேயே படித்துவிட்டுச் செல்லலாம். திரும்பும்போது இருமலும் கால்வலியும் உடன்வரும். அப்போதும் முன்பே படித்து மகிழ்ந்த சிறு நூலே துணை.

கொண்டுசெல்லக் கூடாத ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். நலம் விசாரிக்க வரும் சிலர் கப்ர் வேதனை, மறுமை நாளின் அமளி பற்றிய நூல்களை நோயாளியின் கையில் கொடுக்கின்றனர். நல்லெண்ணத்தில் ஐயமில்லை, வேளைதான் தவறு. நோயுற்றிருந்த ஒரு கிராமவாசியைக் காணச் சென்ற நபி (ஸல்) அவர்கள், கவலை வேண்டாம், அல்லாஹ் நாடினால் இது தூய்மைப்படுத்தும் என்ற பொருள்படத் தேற்றினார்கள். இதுவும் புகாரியில் உள்ளதே. நாம் கொடுக்கும் நூலும் அந்த வார்த்தையின் திசையில் இருக்க வேண்டும்.

ஆகவே, அடுத்த முறை உங்கள் வீட்டில் ஒருவர் மருத்துவமனைக்குப் புறப்படும்போது, நூலை முதலில் நீங்களே மல்லாந்து படுத்து, ஒரு கையில் பிடித்துப் பாருங்கள். உங்கள் கை ஐந்து நிமிடம் தாங்காத நூலை நோயாளியின் கையில் கொடுக்காதீர்கள். படிக்காமல் திரும்பிவந்தால், "எத்தனை பக்கம் ஓதினீர்கள்?" என்று கேட்காதீர்கள்.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் முழுமையான ஷிஃபாவை வழங்குவானாக. ஆமீன்.