குச்சிக்கிழங்கு சீட்டுல இருக்க வேண்டிய ஒரு எண்

நகரத்துல ஜவ்வரிசி வாங்குறவங்களுக்கு பாக்கெட்டுல எடையும் விலையும் அச்சடிச்சு இருக்கும். அந்த ஜவ்வரிசிக்குக் கிழங்கு போட்ட சேலம், நாமக்கல் விவசாயிக்கு, லோடு மில்லுக்குள்ள போன பிறகும் என்ன விலைன்னு பல நேரம் தெரியாது. மரவள்ளியை எங்க பக்கம் குச்சிக்கிழங்குன்னு சொல்லுவோம். பத்து மாசப் பயிர். ஆனா அதோட கணக்கு முடியறது ஒரு துண்டுச் சீட்டுல.

மஞ்சளோ பருத்தியோன்னா ஏலத்துக்குக் கொண்டு போவோம். விலை கட்டலைன்னா இருப்பு வெச்சுக்கலாம். கிழங்குக்கு அந்த வசதி இல்லை. பிடுங்கி ரெண்டு மூணு நாள்ல உள்ள நீலக்கோடு விழுந்து கெட ஆரம்பிச்சுடும். அதனால மில் வாசல்ல நிக்கிற வண்டியைத் திருப்பிக் கொண்டு போற பேச்சே கிடையாது. இது வாங்குறவருக்கும் தெரியும்.

விலை வெறும் எடைக்கு இல்லை, பாயிண்டுக்கு. லோடுல இருந்து கொஞ்சம் கிழங்கை எடுத்து, குறிப்பிட்ட எடைக்கு நிறுத்து, அப்புறம் தண்ணிக்குள்ள தொங்கவிட்டு நிறுப்பாங்க. மாவுச்சத்து அதிகமா இருந்தா தண்ணிக்குள்ளயும் கனம் காட்டும். அதை வெச்சு 26, 28னு பாயிண்ட் போடுவாங்க. முறை சரியானதுதான். ஆனா எந்தக் கிழங்கை எடுக்கறாங்கங்கறதுல எல்லாம் இருக்கு. ஒல்லிக் கிழங்கா பொறுக்கினா பாயிண்ட் குறையும். மழை பெஞ்சு புதுத் துளிர் விட்ட காட்டுக் கிழங்குக்கு நிஜமாவே குறையும். ரெண்டுல எதுன்னு பக்கத்துல நின்னு பாத்தவங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு லோடைக் கணக்குக்காகப் போட்டுப் பாப்போம். எடை மேடையில வண்டியோட 14,850 கிலோ, வெறும் வண்டி 4,650. கிழங்கு 10,200 கிலோ. மண்ணு, தண்டுக் கட்டைன்னு நூத்துக்கு நாலு கழிவு, 408 கிலோ. மிச்சம் 9,792 கிலோ. பாயிண்டுக்கு 250 ரூபாய், பாயிண்ட் 26ன்னா டன்னுக்கு 6,500. ஆக 63,648 ரூபாய். இதே லோடுக்கு 28 போட்டிருந்தா 68,544. ரெண்டு பாயிண்டுக்கு 4,896 ரூபாய் வித்தியாசம். இதுல வெட்டுக்கூலி டன்னுக்கு 500னு 5,100, வண்டி வாடகை 4,000, முன்னாடியே வாங்கின அட்வான்ஸ் 20,000 போக, கைக்கு வர வேண்டியது 34,548.

கவனிச்சீங்களா? கூலி 10,200 கிலோவுக்குப் போகுது, விலை 9,792க்குத்தான் வருது. பிடுங்கி ஏத்தின ஆளுக்கு மண்ணோட சேர்ந்ததும் சுமைதானே, அது நியாயம். ஆனா சீட்டுல 9,792ன்னு மட்டும் எழுதிக் கொடுத்தா கழிவு எவ்வளவு போச்சுன்னே தெரியாது. அதே மாதிரி அட்வான்ஸையும் வாடகையையும் கழிச்சு 34,548ன்னு ஒத்தை எண்ணா எழுதினா, அடுத்த லோடுல அட்வான்ஸை மறுபடி கழிச்சாலும் நாம காட்ட ஆதாரம் இருக்காது. கழிச்ச ஒவ்வொண்ணும் தனி வரியா இருக்கணும். அட்வான்ஸ் பாக்கி எவ்வளவுங்கறதும் அதுலயே இருக்கணும்.

இதையெல்லாம் விட பெருசு, "சரக்கு வித்ததும் கணக்கு முடிச்சுக்கலாம்"ங்கற பேச்சு. மில்காரர் பக்கமும் சிரமம் இருக்குங்க, மறுக்கல. சேலத்துல 1981ல ஆரம்பிச்ச சேகோசர்வ் கூட்டுறவு சங்கம், உறுப்பினர் மில்களோட ஜவ்வரிசியை டெண்டர்ல வித்துக் கொடுக்குது. டெண்டர் போய் பணம் வந்தாத்தான் அவருக்கும் கையில காசு. அதனால பணம் பத்து நாள் தள்ளி வர்றதை நான் குத்தம் சொல்ல மாட்டேன்.

ஆனா பணம் தர்ற நாள் வேற, விலை முடியற நாள் வேற. இந்த ரெண்டையும் ஒண்ணாக் குழப்பறதுதான் எங்களை ஏமாத்துது. ஜவ்வரிசி விலை ஏறினா கூடுதலா யாரும் கொடுக்கறதில்லை, இறங்கினா மட்டும் "மார்க்கெட் விழுந்துடுச்சு"ன்னு பாயிண்ட் ரேட்டைக் குறைக்கறாங்க. லாபத்துல பங்கில்லாதவன் நஷ்டத்துல மட்டும் பங்காளி ஆகறது எந்த ஊர் நியாயம்? வித்த பிறகுதான் விலைன்னா, வித்த பில்லையும் எங்களுக்குக் காட்டணும். காட்ட முடியாதுன்னா, வண்டி எடை மேடையை விட்டு இறங்கும்போதே பாயிண்ட் ரேட்டைச் சீட்டுல எழுதிக் கையெழுத்துப் போடணும்.

புதுச் சட்டம் எதுவும் கேக்கல. மொத்த எடை, வெறும் வண்டி, கழிவு, பாயிண்ட்ன்னு எழுதற அதே சீட்டுல அன்னைய ரேட்டுக்கு ஒரு வரி. கார்பன் வெச்சு எங்களுக்கும் ஒரு நகல். கிழங்கு கொட்டறதுக்கு முன்னாடி அந்த வரி நிரம்பி இருக்கான்னு பாக்கறது எங்க வேலை. கொட்டின பிறகு கேட்டா, மில்லுக்குள்ள அது மாவா ஓடிட்டிருக்கும்.