பெயர் இரு வீட்டு நாவிலும் பழுதின்றி நிற்க வேண்டும்



'எங்கும் கேட்டிராத இஸ்லாமியப் பெயர்கள்' என்று கைப்பேசிக்கு வரும் பட்டியலிலிருந்து பிள்ளைக்குப் பெயர் தேர்ந்தெடுக்கும் வழக்கம் நம்மிடையே பெருகிவிட்டது. ஒலி அரபியைப் போல இருந்தால் போதும், பொருளும் நலமாகவே இருக்கும் என்று நம்பிவிடுகிறோம். இந்த நம்பிக்கை தவறானது. வீட்டில் இரண்டு மொழிகள் புழங்குமானால் தவறு இரட்டிப்பாகிறது.

பொன்மலையை எடுத்துக்கொள்வோம். 1928-இல் ரயில்வே பணிமனை நாகப்பட்டினத்திலிருந்து இங்கு வந்தது முதல் பலமொழிக் குடும்பங்கள் அடுத்தடுத்து வாழும் ஊர் இது. இங்கே தந்தை வீட்டார் உருது பேசுவோராகவும், தாய் வீட்டார் தமிழ் பேசும் ராவுத்தர்களாகவும் உள்ள ஒரு குடும்பத்தில் பெண் குழந்தை பிறந்திருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அக்குடும்பத்தின் முன்னே நான்கு பெயர்கள் இருக்கின்றன.

முதற்பெயர் அலைனா. இன்று மிக விரும்பப்படுவது. குர்ஆனில் வரும் சொல் என்ற பெருமையோடு சூட்டப்படுவது. ஆனால் அரபியில் 'அலைனா' என்றால் 'எங்கள் மீது' என்று பொருள். அது பெயரன்று, வாக்கியத்தின் ஒரு துண்டு. தமிழ்க் காதிலோ 'அலை' என்றே விழுகிறது. குர்ஆனில் ஒரு சொல் இருப்பதாலேயே அது பெயராகிவிடாது. நரகத்தைக் குறிக்கும் சொற்களும் அதில் உண்டல்லவா?

இரண்டாவது நாயிலா. உஸ்மான் (ரலி) அவர்களின் துணைவியார் பெயர். அரபியில் குறையேதும் இல்லாதது. ஆயினும் தமிழ்ப் பள்ளியில் வருகைப் பதிவை ஆசிரியர் வாசிக்கையில், முதலசை வகுப்பறையில் எப்படிக் கேட்கும் என்பதைத் தாய் வீட்டார் அறிவார்கள். குறை பெயரில் இல்லை, வாழும் இடத்தில் இருக்கிறது. பத்தாண்டுக் கேலியைச் சுமக்கப் போவதோ பிள்ளை.

மூன்றாவது ஆஸியா. ஃபிர்அவ்னின் ஈமான் கொண்ட மனைவியின் பெயர் என்று இருவீட்டாரும் மகிழ்வர். ஆனால் அப்பெயரை ஸீன் எழுத்திட்டு எழுத வேண்டும். ஐனும் ஸாதும் இட்டு எழுதினால் 'மாறு செய்பவள்' என்றாகிவிடும். அந்தப் பொருளுடைய பெயரைத்தான் நபி (ஸல்) அவர்கள் ஜமீலா என மாற்றினார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றே. உருதுப் பேச்சிலும் வேறுபாடு கேட்பதில்லை. ஆகவே இப்பெயரை விலக்க வேண்டியதில்லை. அரபி எழுத்தில் சரியாக எழுதி வைத்த பின்னரே சூட்ட வேண்டும். அலீம் என்ற பெயருக்கும் இதே எச்சரிக்கை உண்டு. ஐன் இட்டால் 'நன்கறிந்தவன்', அலிஃப் இட்டால் 'வேதனை தருவது'.

நான்காவது அமல். அலிஃப் இட்டு எழுதினால் அரபியில் 'நம்பிக்கை, எதிர்பார்ப்பு'. ஐன் இட்டு எழுதினாலும் 'செயல்' என்றே பொருள்படும். நல்லமல் என்ற சொல்லை அறியாத முஸ்லிம் வீடு ஏது? தமிழில் அமலம் என்றால் மாசின்மை. தாதிமாவின் நாவிலும் தாயைப் பெற்ற பாட்டியின் நாவிலும் அது திரிவதில்லை. எழுத்து மாறினாலும் பொருள் கெடாத பெயர் இது.

"அமலா என்று மற்றவர்களும் வைக்கிறார்களே, இதில் இஸ்லாம் எங்கே?" என்று சிலர் கேட்பார்கள். அவர்களைத் திருப்பிக் கேட்கிறேன். உமர், உஸ்மான், அலி என்பவை இஸ்லாத்துக்கு முன்பே அரபு மக்களிடம் வழங்கிய பெயர்கள். அவர்கள் ஈமான் கொண்டபோது அப்பெயர்கள் மாற்றப்பட்டனவா? மாற்றப்பட்டவற்றுள் பல தீய பொருளுடையவை. மார்க்கம் கேட்பது நல்ல பொருளை, அயலொலியை அன்று. நம் முன்னோர் இதை அறிந்திருந்தனர். அப்துல் கனியைக் 'கனி' என்றழைத்தபோது அரபியில் செல்வரென்றும் தமிழில் பழமென்றும் பொருள் நின்றது. ஆனால் எல்லாப் பெயரையும் இப்படிச் சுருக்கிவிட முடியாது. அப்துர் ரஹ்மானை 'ரஹ்மான்' என்றழைப்பது கூடாது, அது அல்லாஹ்வுக்கே உரிய பெயர். வெறும் 'அப்துல்' என்றழைத்தாலோ சொல் பாதியில் நின்றுவிடுகிறது.

ஆகவே ஏழாம் நாள் அகீகாவுக்கு முன் மூன்று காரியங்களைச் செய்யுங்கள். பெயரை அரபி எழுத்தில் எழுதி, பொருளை ஓர் ஆலிமிடம் கேளுங்கள். இரு வீட்டுப் பாட்டிமாரையும் உரக்க அழைக்கச் சொல்லி, அவர்கள் எப்படிச் சுருக்குகிறார்கள் என்று கவனியுங்கள். பிறகு ஒரே எழுத்துக்கூட்டலை முடிவு செய்து பிறப்புச் சான்றிதழில் ஏற்றுங்கள். பிறப்பைப் பதிந்தபின் பெயரைச் சேர்க்கப் பன்னிரண்டு மாதங்கள் வரை கட்டணமில்லை. அலுவலக வாசலில் நின்று அவசரமாகப் பெயர் தேட வேண்டிய தேவையும் இல்லை.

பட்டியல் அனுப்பியவர் உங்கள் பிள்ளையை ஒருநாளும் பெயர் சொல்லி அழைக்கப் போவதில்லை. அழைக்கப் போகிறவர்களைக் கேளுங்கள்.