எட்டாவது வாசகம்

சமூகவியல், உளவியல், கல்வியியல், மேலாண்மை என எந்தத் துறையின் ஆய்வேட்டைப் புரட்டினாலும் ஆய்வுமுறை பற்றிய அத்தியாயத்தில் பெரும்பாலும் ஒரு வாக்கியம் கண்ணில் படும்: கிரான்பாக் ஆல்பா 0.82, ஆகவே இவ்வினாநிரல் நம்பகமானது. அத்தோடு விசாரணை முடிந்துவிடுகிறது. வழிகாட்டி மேற்கொண்டு கேட்பதில்லை, புறத்தேர்வாளரும் கேட்பதில்லை. அந்த எண்ணுக்குள் என்னவெல்லாம் ஒளிந்துகொள்ள முடியும் என்பதை, உலகெங்கும் புழங்கும் ஓர் அளவுகோலைக் கொண்டே பார்த்துவிடலாம்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மோரிஸ் ரோசன்பர்க், நியூயார்க் மாநிலத்தின் 10 உயர்நிலைப் பள்ளிகளில் ஐயாயிரத்துக்குச் சற்று மேற்பட்ட மாணவர்களை ஆராய்ந்து 1965இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் இடம்பெற்றதுதான் தன்மதிப்பு அளவுகோல். மொத்தம் பத்து வாசகங்கள். ஐந்து வாசகங்கள் தன்னைப் பற்றி உயர்வாகவும் ஐந்து தாழ்வாகவும் பேசும். ஒவ்வொன்றுக்கும் ‘முழுதும் உடன்படுகிறேன்’ முதல் ‘சிறிதும் உடன்படவில்லை’ வரை நான்கு விடைகள். தாழ்வான வாசகங்களின் மதிப்பெண்ணைத் தலைகீழாக்கிய பிறகே பத்தையும் கூட்ட வேண்டும். படித்துப் பார்க்காமல் எல்லாவற்றுக்கும் தலையாட்டுகிறவர் உயர்ந்த மதிப்பெண் பெற்றுவிடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு இது. தலைகீழாக்க மறந்தால் ஆல்பா சரிந்து விழும். அந்தப் பிழையை உடனே கண்டுகொள்ளலாம். எளிதில் கண்டுகொள்ள முடியாத பிழை வேறொன்று.

எட்டாவது வாசகத்தைப் பாருங்கள். தன் மீது தனக்கு இன்னும் கூடுதல் மரியாதை இருந்தால் நன்றாக இருக்கும் என்று விரும்புவதாக அது சொல்கிறது. இதற்கு உடன்படுகிறவருக்குத் தன்மதிப்பு குறைவு என்பது ரோசன்பர்க்கின் கணக்கு: போதவில்லை என்று நினைப்பவர்தானே கூடுதலாக வேண்டும் என்பார்? ஆனால், இன்னும் மேம்பட வேண்டும் என்று விரும்புவதே நல்ல குணம் எனக் கற்று வளர்ந்தவரும் இதற்கு உடன்படுவார். தன்னை வெறுப்பவரும் தன்மேல் நம்பிக்கையோடு உயர நினைப்பவரும் ஒரே கட்டத்தில் குறியிடுகிறார்கள். 53 நாடுகளில், 28 மொழிகளில், ஏறத்தாழ 17,000 பேரிடம் இந்த அளவுகோலைக் கொடுத்துப் பார்த்த டேவிட் ஷ்மிட், யூரி ஆலிக் இருவரின் 2005ஆம் ஆண்டு ஆய்விலும் சிக்கல் கொடுத்தது இந்த எட்டாவது வாசகம்தான். சில நாடுகளில் அது மற்ற ஒன்பதோடு ஒட்டவில்லை.

இப்படி ஒட்டாத வாசகத்தை ஆல்பா காட்டிக்கொடுக்காதா? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆல்பாவுக்கு இரண்டே பொருட்கள் போதும்: வாசகங்களின் எண்ணிக்கை, அவற்றுக்கிடையே உள்ள சராசரி ஒட்டுறவு. ஒன்பது வாசகங்கள், சராசரி ஒட்டுறவு 0.4 என்று கொண்டால் ஆல்பா 0.86. இவற்றோடு, எதனோடும் சிறிதும் தொடர்பில்லாத, ஒட்டுறவு சுழியமான பத்தாவது வாசகம் ஒன்றைச் சேருங்கள். சராசரி 0.32க்கு இறங்கும், ஆல்பாவோ 0.82இல் நிற்கும். எதையும் அளக்காத வாசகம் ஒன்று உள்ளே இருந்தும், பரவலாக ஏற்கப்படும் 0.70 என்ற எல்லையை ஆல்பா எளிதாகத் தாண்டிவிடுகிறது. எண்ணிக்கையைக் கூட்டினால் இன்னும் வசதி: வாசகங்களுக்கிடையே 0.15 என்ற மெலிந்த ஒட்டுறவே இருந்தாலும் இருபது வாசகங்கள் சேர்ந்தால் ஆல்பா 0.78 வந்துவிடும். மறுபக்கம், ஒரே செய்தியை ஐந்து விதமாக மாற்றிக் கேட்டால் ஒட்டுறவு 0.7ஐத் தொடும், ஆல்பா 0.92. எண் உயர்ந்திருக்கிறது, ஆனால் கருத்தின் ஒரு மூலையை மட்டுமே திரும்பத் திரும்பத் தொட்டிருக்கிறோம்.

ஆகவே ஆய்வேட்டில் நாம் தேட வேண்டியது வாசகம் வாசகமான அட்டவணை. ஒவ்வொரு வாசகத்தையும் தனியே எடுத்து, மீதியுள்ளவற்றின் கூட்டுத்தொகையோடு அதற்குள்ள ஒட்டுறவைக் காண வேண்டும். அந்த வாசகத்தையும் சேர்த்துக் கூட்டினால் அது தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு விடையை ஊதிவிடும் என்பதால் அதை நீக்கிவிட்டே கூட்ட வேண்டும். 0.3க்குக் கீழே இறங்கும் வாசகத்தைச் சந்தேகிப்பது நடைமுறை. மேலே சொன்ன கணக்கில், ஆல்பா மறைத்த வாசகம் இந்த அட்டவணையில் சுழியமாக அம்பலப்பட்டுவிடும்.

இதுவரை பேசியது நம்பகத்தன்மை மட்டுமே; அதாவது வாசகங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்பது. ஒத்துப்போகும் அந்தக் கூட்டம் நாம் நினைத்த கருத்தைத்தான் அளக்கிறதா என்ற ஏற்புடைமைக் கேள்விக்கு விடை வினாநிரலுக்கு வெளியே இருக்கிறது. அதே ரோசன்பர்க் அளவுகோலைக் காரணிப் பகுப்பாய்வு செய்தபோது அது இரண்டாகப் பிரிந்தது. உயர்வான வாசகங்கள் ஒரு பக்கம், தாழ்வானவை மறுபக்கம். அப்படியானால் தன்மதிப்பு வேறு, தன்னை இகழ்தல் வேறு என்று இரு கருத்துகளாகக் கொள்ளலாமா? எட்வர்ட் கார்மைன்ஸும் ரிச்சர்ட் ஸெல்லரும் 1979இல் வெளியிட்ட சிறுநூலில் இதைச் சோதித்தார்கள். இரண்டும் வெவ்வேறு கருத்துகள் என்றால், குடும்பப் பின்னணி, மனப்பாங்கு, அரசியல் மனோபாவம் போன்ற வெளி மாறிகளோடு அவை வெவ்வேறு விதமாக உறவாட வேண்டும். அவர்கள் கண்டதோ ஏறத்தாழ ஒரே மாதிரியான உறவு. பிரிவுக்குக் காரணம் இரு கருத்துகள் அல்ல, வாசகங்களை எழுதிய விதமும் மக்கள் விடையளிக்கும் பழக்கமும்தான் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள். மென்பொருள் காட்டும் காரணிகளின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டும் புதுக் கருத்துகளுக்குப் பெயர் சூட்டுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம்.

எட்டாவது வாசகம் ஏன் ஒட்டவில்லை என்பதை இந்தக் கணக்குகள் எதுவும் சொல்லாது. அதற்கு ஆட்களோடு உட்கார வேண்டும். களத்துக்குப் போகுமுன் வினாநிரலை நிரப்பப்போகிறவர்களைப் போன்ற சிலரிடம் ஒவ்வொரு வாசகத்தையும் கொடுத்து, “இது என்ன கேட்கிறது என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள், ஏன் இந்த விடையைத் தேர்ந்தீர்கள்?” என்று கேட்டால் போதும். “எல்லாருக்கும் அந்த ஆசை இருக்கத்தானே செய்யும்” என்று ஒருவர் சொல்லிவிட்டால், வாசகம் எங்கே வழுக்குகிறது என்பது புரிந்துவிடும். அதன்பின் அதை நீக்கலாம். ஆனால் நீக்கிய ஒன்பது வாசக மதிப்பெண்ணைப் பத்து வாசகங்கள் கொண்ட பிற ஆய்வுகளோடு நேரடியாக ஒப்பிட முடியாது என்பதையும் எழுதிவிட வேண்டும்.

ஆல்பாவுக்குப் பெயர் தந்த லீ கிரான்பாக் அதை 1951இல் எழுதினார். அவர் மறைந்த பின் 2004இல் வெளியான கட்டுரையில், அந்தச் சூத்திரம் தன் பெயரால் வழங்குவது குறித்துச் சங்கடப்பட்டதோடு, பெரும்பாலான தரவுகளை ஆராய அதுவே மிகப் பொருத்தமான வழி என்று தாம் இனி கருதவில்லை என்றும் சொல்லியிருந்தார். அவரே கைவிட்ட நம்பிக்கையை நம் ஆய்வேடுகள் கைவிடவில்லை.

நம் இதழுக்குக் கணக்கெடுப்பு ஆய்வுகளை அனுப்பும் நண்பர்களிடம் கேட்பது இதுதான். மக்களிடம் தமிழில் கேட்ட வாசகங்கள் அத்தனையையும் அப்படியே இணைத்து அனுப்புங்கள். வாசகம் வாசகமான ஒட்டுறவு அட்டவணையையும், முன்னோட்டத்தில் மக்கள் சொன்னதையும் சேருங்கள். இவை இல்லாமல் ஆல்பாவை மட்டும் ஏந்தி வரும் கட்டுரைகளை இனி நாம் வெளியிடப்போவதில்லை.